வேலைக்குப் போகிறவர் எண்வழிப் பாதையில் இறங்க: முதல் நான்கு மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் தொடங்கிய இடமே தப்பு. புத்தர் சொன்ன எண்வழிப் பாதை என்றால் தியானம் என்று நினைத்து, காலை ஐந்தரை மணிக்கு எழுந்து நேராக மூச்சைக் கவனிக்க உட்கார்ந்துவிட்டேன். நான் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவது என் பொறுப்பு. கண்ணை மூடிய ஐந்தாவது நிமிஷம் முந்தின நாள் பேசிய போன் காதில் ஒலிக்கும். “செக் போட்டாச்சு சார், கூரியர்ல வந்துட்டு இருக்கு” என்று சொல்லியிருப்பேன். அந்த செக் கையெழுத்தே ஆகாமல் என் மேஜை டிராயரில் கிடக்கும்.

எனக்கு மனம் குவியவில்லை, பயிற்சி போதவில்லை என்று எட்டு மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன். நேரத்தை மாற்றினேன், இருக்கையை மாற்றினேன், மூச்சை எண்ணும் முறையை மாற்றினேன். பிரச்சினை மூக்கு நுனியில் இல்லை, வாயில் இருந்தது என்று புரிய அத்தனை நாளாயிற்று. உங்களுக்கு அந்த எட்டு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சொல்லும் கால வரிசை என் அனுபவத்தில் அமைந்தது. அடிப்படை மட்டும் பாலி மொழியில் உள்ள பௌத்த உரைகளான சுத்தங்களில் உள்ளது.

1. எட்டையும் மூன்றாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள்

இதற்கு அரை மணி நேரம் போதும். தமிழில் வழங்கும் பெயர்கள் இவை: நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி.

தம்மதின்னா என்ற பிக்குணி விசாகர் என்பவருக்கு விளக்கும் சூளவேதல்ல சுத்தத்தில் இவை மூன்று தொகுப்பாகின்றன. வாய்மை, செய்கை, வாழ்க்கை மூன்றும் சீலம், அதாவது ஒழுக்கம். முயற்சி, கடைப்பிடி, அமைதி மூன்றும் சமாதி, அதாவது மனப்பயிற்சி. கடைப்பிடி என்றால் விடாத கவனம், அமைதி என்றால் மனம் ஒருமுகப்படுவது. காட்சியும் ஊற்றமும் பஞ்ஞா, அதாவது ஞானம். ஊற்றம் என்பதற்கு இங்கே மனத்தின் நோக்கம் என்று பொருள்: பற்றை விடுதல், பகை இல்லாமை, துன்புறுத்தாமை.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. பட்டியல் நற்காட்சியில் தொடங்குவதால், ஞானத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று சிலர் வருஷக்கணக்கில் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். இது மாடிப்படி இல்லை. எட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குபவை. வேலையைத் தொடங்க வேண்டிய அளவு நற்காட்சி ஒன்று உண்டு: “நான் செய்வதற்கும் சொல்வதற்கும் விளைவு உண்டு, அது என்னிடமே திரும்பி வரும்.” இதை ஏற்றுக்கொண்டால் போதும், இறங்கிவிடலாம். மீதிக் காட்சி நடக்க நடக்கத் தெளியும்.

2. முதல் மாதம் முழுக்க வாயை மட்டும் பாருங்கள்

செலவு: சட்டைப் பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு. நேரம்: இரவில் பத்து நிமிஷம்.

நல்வாய்மை என்றால் பொய் சொல்லாமை மட்டும் இல்லை. விலக்க வேண்டிய நான்கையும் மணிமேகலை அழகாகப் பெயர் சொல்லி அடுக்குகிறது: பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல். குறளை என்பது கோள்மூட்டுவது. இங்கே கேட்டதை அங்கே சொல்லி இருவரைப் பிரிப்பது. குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை நான்காகக் கோடு போட்டுப் பிரித்து, அன்று வாயிலிருந்து வந்ததை அதனதன் கட்டத்தில் எழுதுங்கள். நடந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். “இன்று பொய் சொன்னேன்” என்று எழுதினால் பயன் இல்லை. “செக் போட்டாச்சு சார்” என்று எழுதினால்தான் மறுநாள் அதே வார்த்தை நாக்கில் வரும்போது அடையாளம் தெரியும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள். என் முதல் வாரப் பக்கத்தில் பொய்க் கட்டத்தில் பதினேழு வரிகள் இருந்தன. அதில் பதினான்கு, பணம் கேட்டு வந்த போன்களுக்குச் சொன்ன பதில்.

இரண்டாவது வாரத்திலிருந்து, புத்தர் தம் மகன் ராகுலருக்குச் சொன்ன முறையைக் கையில் எடுங்கள். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறார் ராகுலர். அப்படித்தான் ஒவ்வொரு செயலையும், சொல்லையும், எண்ணத்தையும் மூன்று முறை பார்க்க வேண்டும் என்கிறார்: செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பின். இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்பதுதான் கேள்வி.

ஆரம்பத்தில் “செய்த பின்” மட்டும்தான் கைக்கு வரும். அதனால் மனம் தளர வேண்டாம். மூன்றாவது வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே உறைக்கும். நான்காவது வாரத்தில் எப்போதாவது ஒருமுறை, வாய் திறக்கும் முன்பே தெரியும். எனக்கு அது நடந்த நாளைச் சொல்கிறேன். ஸ்பிரிங் சப்ளை செய்யும் ஒரு பெரியவர் போன் செய்தார். வழக்கமான பதில் தொண்டைவரை வந்தது. நிறுத்தி, “ஐயா, செக் இன்னும் கையெழுத்து ஆகலைங்க. எப்ப ஆகும்னு எனக்கே தெரியலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிட்டு நிலவரம் சொல்றேன்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற இடத்துல புரட்டியிருப்பேனேம்மா” என்றார். அன்றுவரை நான் சொன்ன பொய்க்கு அவர் கொடுத்த வட்டி எவ்வளவோ. அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டால் அதுவும் முதல் கட்டத்தில் ஏறிவிடும்.

இந்த மாதத்தில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. “இனி உண்மைதான் பேசுவேன்” என்று கிளம்பி, கண்டவரிடம் கண்டதைக் கொட்டிவிடுவது. அபய ராஜகுமார சுத்தத்தில் இதற்கு அளவுகோல் இருக்கிறது. சொல் உண்மையாக இருக்க வேண்டும், பயனுள்ளதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தாலும் சொல்லும் நேரம் பார்க்க வேண்டும். கேட்பவருக்குப் பிடிக்காத உண்மைக்கு மட்டுமல்ல, பிடித்த உண்மைக்கும் இதே விதிதான். கம்பெனியில் பணம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதை வெளியே சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. எனக்குத் தெரிந்த, நான் சொல்லக்கூடிய உண்மை “செக் கையெழுத்து ஆகவில்லை” என்பதுதான். உண்மை பேசுவதற்கும் ரகசியம் காப்பதற்கும் முரண் இல்லை. “அதைப் பற்றி நான் பேச முடியாதுங்க” என்பது பொய் இல்லை.

3. சம்பளம் வரும் வழியைத் தாளை வைத்துப் பாருங்கள்

தேவையானவை: நியமனக் கடிதம், இன்சென்டிவ் விதிகள் இருந்தால் அந்தத் தாள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இல்லறத்தார் செய்யக் கூடாத வணிகங்களாக ஐந்து சொல்லப்படுகின்றன: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு. பலர் இதைப் பார்த்து, “நம்ம தொழில் இதுல இல்லை” என்று தாண்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தாண்டினேன். மகாசத்தாரீசக சுத்தம் தவறான பிழைப்பை வேறு ஒரு பக்கத்திலிருந்து சொல்கிறது: பாசாங்கு செய்வது, நயந்து பேசிக் காரியம் சாதிப்பது, ஜாடையாகக் கேட்டு வாங்குவது, மட்டம் தட்டிப் பணியவைப்பது, ஆதாயத்தை வைத்து இன்னொரு ஆதாயம் தேடுவது. இது துறவிகளின் பிழைப்பை மனத்தில் வைத்துச் சொன்னது. ஆனால் விற்பனை, வசூல், கொள்முதல் வேலையில் இருப்பவர் படித்தால் தம் ஒரு வார வேலை கண்முன் வரும்.

ஒவ்வொரு வருமானத்துக்கும் எதிரே அது எந்தப் பேச்சினால், எந்தச் செயலினால் வருகிறது என்று எழுதுங்கள். என்னுடையதில் சம்பளம் கணக்கு எழுதுவதற்கு வந்தது. வருஷ முடிவில் கிடைத்த ஊக்கத்தொகை மட்டும், “கொடுக்க வேண்டிய பணத்தை எத்தனை நாள் தள்ளிப்போட்டோம்” என்பதற்கு வந்தது. அந்த ஒரு வரி எனக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டது.

அவசரப்பட்டு ராஜினாமா எழுத வேண்டாம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறவர் வேலையை விட்டுவிட்டு அந்தக் கவலையோடு உட்கார்ந்தால் மனம் இன்னும் கலங்கும். வேலை முழுதுமே ஐந்து வணிகங்களில் ஒன்று என்றால், மாறுவதற்கு ஒரு தேதி குறித்து, அதுவரை செலவுக்குப் பணம் சேருங்கள். வேலையில் ஒரு பகுதி மட்டும் கோணல் என்றால் அந்தப் பகுதியைப் பேசித் தீர்க்க முடியுமா என்று பாருங்கள். நான் மேலாளரிடம் போய், “எந்த செக் எந்தத் தேதி என்று வாரம் ஒருமுறை எனக்குச் சொல்லிவிடுங்கள், நான் அதையே சப்ளையரிடம் சொல்லிவிடுகிறேன்” என்று கேட்டேன். முதலில் மறுத்தார். இரண்டு மாதத்தில் போன்கள் பாதியாகக் குறைந்ததும் ஒத்துக்கொண்டார். ஊக்கத்தொகை அந்த வருஷம் குறைந்தது. அது உண்மையான செலவு, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பஞ்சசீலம்: விதி இல்லை, பயிற்சி

கொல்லாமை, திருடாமை, தவறான காமம் விலக்கல், பொய்யாமை, மயக்கம் தரும் பொருளை விலக்கல் ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொள்ளும்போது பாலியில் ஒவ்வொன்றின் முடிவிலும் “சிக்காபதம் சமாதியாமி” என்று வரும். பயிற்சிக்குரிய படியாக ஏற்கிறேன் என்பது பொருள். எனவே தவறினால் மறுநாள் காலை மீண்டும் ஏற்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பல வருஷமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் ஐந்தாவது சீலத்துக்காக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்து அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

5. இரண்டாவது மாதத்திலிருந்து உட்காருங்கள்

காலையில் இருபது நிமிஷம். செலவு எதுவும் இல்லை, இரண்டாக மடித்த போர்வை போதும். கால் மடக்க முடியாதவர் நாற்காலியில் உட்காரலாம். மூக்கின் வாசலில் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிகிறதா என்று கவனிப்பது மட்டும்தான் வேலை. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். நெடியதானால் நெடியது, குறுகியதானால் குறுகியது.

மனம் ஓடும். அதைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் நன்முயற்சி. திருப்பியும் மறுபடி ஓடும் விடாப்பிடியான எண்ணங்களுக்கு விதக்கசண்டான சுத்தம் ஐந்து வழி தருகிறது. அவற்றில் மூன்றை என் அதே போனை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வழி, ஆப்பை ஆப்பால் எடுப்பது. தச்சர் பெரிய ஆப்பைச் சின்ன ஆப்பால் தட்டி வெளியேற்றுவது போல, கெட்ட எண்ணத்தின் இடத்தில் அதற்கு மாற்றான நல்ல எண்ணத்தை வைப்பது. சப்ளையர் கத்தியது நினைவில் வந்து கோபம் ஏறினால், அவர் பட்டறையில் சனிக்கிழமை கூலி கொடுக்கக் காத்திருக்கும் நிலையை நினைத்து, அவர் நலமாக இருக்கட்டும் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கும்.

அடங்காவிட்டால் இரண்டாவது வழி: இந்த எண்ணம் எனக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது. பல் இறுகியிருக்கும், இருபது நிமிஷத்தில் பதினைந்து போயிருக்கும். அந்தச் சேதத்தை நேராகப் பார்த்தால் பிடி தளரும்.

இன்னொரு வழி, வேகத்தைக் குறைப்பது. வேகமாக நடப்பவன் ஏன் இவ்வளவு வேகம் என்று எண்ணி மெதுவாக நடந்து, பிறகு நின்று, பிறகு உட்கார்ந்து, பிறகு படுப்பது போல, எண்ணத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் அது எங்கிருந்து கிளம்பியது என்று படிப்படியாகப் பின்னால் போவது. போன், அதற்கு முன் பொய், அதற்கு முன் திட்டு விழுமோ என்ற பயம். பயம்வரை போனதும் பேச்சு தானாக ஓயும்.

பல்லைக் கடித்து, நாக்கை அண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தால் அடக்கும் வழியும் அந்த ஐந்தில் உண்டு. அது கடைசியாகத்தான் சொல்லப்படுகிறது. புதியவர்கள் அதையே முதலில் எடுத்துத் தலைவலியோடு எழுந்திருக்கிறார்கள். அதிகம் முறுக்கினாலும் தளர்த்தினாலும் வீணை இசைக்காது என்று சோணர் என்ற பிக்குவுக்குப் புத்தர் சொன்னது இங்கே பொருந்தும். உட்கார்ந்து எழுந்தபின் நெற்றி இறுகியிருந்தால் முறுக்கு அதிகம். தூங்கி விழுந்திருந்தால் தளர்ச்சி அதிகம். மறுநாள் அதற்கேற்ப மாற்றுங்கள்.

வாயை ஒரு மாதம் காவல் காத்துவிட்டு உட்கார்ந்தால் என்ன வித்தியாசம் என்பது முதல் வாரத்திலேயே தெரியும். நினைவுகள் வரும், ஆனால் குத்தாது.

6. நான்காவது மாதம்: பத்து நாள் முகாம்

தனியாக இருபது நிமிஷம் உட்கார்வதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் நேரடியாகக் கற்பது நல்லது. நான் போனது தியான ஆசிரியர் எஸ். என். கோயங்கா வழியில் நடக்கும் விபஸ்ஸனா தியான முகாம். பௌத்தத்தில் வேறு பயிற்சி மரபுகளும் உண்டு, இது ஒன்றுதான் வழி என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவருக்கு எளிதில் எட்டுவது என்பதால் இதை விவரிக்கிறேன். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் தம்ம மதுரா இருக்கிறது.

விண்ணப்பம் `dhamma.org` தளத்தில். முகாம் தேதிக்குச் சில மாதம் முன்பே பார்த்துவிடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். விண்ணப்பித்ததாலேயே இடம் உறுதி ஆகிவிடாது. உறுதி மின்னஞ்சலுக்குக் காத்திருங்கள், மறு உறுதி கேட்டால் பதில் போடுங்கள். கையில் புகைப்பட அடையாளச் சான்று இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மருந்து பற்றிக் கேட்பார்கள். மறைக்கவே மறைக்காதீர்கள். மன அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மருந்து எடுப்பவர், இடம் கிடைக்காமல் போகுமோ என்று மறைப்பதும், முகாமுக்காக மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. பத்து நாள் மௌனம் எல்லா மனநிலைக்கும் ஏற்றதில்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால், ஐந்தாவது படியோடு தொடர்வதில் குறைவொன்றும் இல்லை.

விடுப்புக் கணக்குதான் பலரைத் தடுக்கிறது. பத்து நாள் என்றாலும் நாட்காட்டியில் பன்னிரண்டு நாள் போகும். முதல் நாள் பிற்பகல் போய்ச் சேர வேண்டும், கடைசி நாள் காலை வெளியே வரலாம். புதன்கிழமை தொடங்கும் முகாம் மறுவார ஞாயிறு காலை முடியும். சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவருக்கு எட்டு நாள் விடுப்பு போதும். சனிக்கிழமையும் வேலை என்றால் பத்து நாள். மாத முடிவு, தணிக்கை, தீபாவளி வாரம் ஆகியவற்றில் போட வேண்டாம்.

கட்டணம் இல்லை. உணவுக்கும் தங்குவதற்கும் பணம் வாங்குவதில்லை. முகாமை முடித்தவர்களிடம் மட்டும், விரும்பினால் நன்கொடை பெறுகிறார்கள். ஆகவே உங்கள் செலவு போக்குவரத்தும், விடுப்புக்குச் சம்பளப் பிடித்தம் இருந்தால் அதுவும்தான்.

உள்ளே காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. காலை உணவு ஆறரைக்கு, மதிய உணவு பதினொன்றுக்கு. புதியவர்களுக்கு மாலை ஐந்து மணிக்குத் தேநீரும் பழம் போன்ற லேசான ஏதாவதும் உண்டு, இரவுச் சாப்பாடு கிடையாது. போனை முதல் நாளே வாங்கிவைத்துவிடுவார்கள். படிக்கவும் எழுதவும் கூடாது. பத்தாம் நாள் காலைவரை சக மாணவர்களோடு பேச்சில்லை. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நான்காம் நாள் உடல் முழுதும் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் விபஸ்ஸனா. வீட்டில் இருப்பவர்களுக்கு மையத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மின்கட்டணம், கடன் தவணை தேதிகளை முன்பே முடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் நினைவுக்கு வந்தால் வெளியே போய்க் கட்ட முடியாது.

திரும்பி வந்ததும் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். முடிந்தால் நல்லது. எனக்கு முதல் மாதத்தில் காலை ஒரு மணியும் இரவு கால் மணியும்தான் முடிந்தது.

7. ஞானத்தை ஒரு போன் மணியில் பாருங்கள்

தமிழரைத் தடுமாற வைக்கும் சொல் ஒன்று இருக்கிறது: வேதனை. நமக்கு அது வலி. பாலியில் வேதனை என்றால் எந்த நுகர்வும்: இனியது, இனியதல்லாதது, இரண்டுமில்லாதது. இதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் பௌத்தம் முழுக்கத் துயரப் புலம்பல் போலத் தோன்றும்.

அதே சூளவேதல்ல சுத்தத்தில் தம்மதின்னா சொல்கிறார்: இனிய நுகர்வின் அடியில் ஆசை படுத்திருக்கிறது, துன்ப நுகர்வின் அடியில் எதிர்ப்பு படுத்திருக்கிறது, இரண்டுமில்லாததின் அடியில் அறியாமை படுத்திருக்கிறது. அலுவலகத்தில் இதைப் பார்க்கும் விதம் எளிது. போன் அடிக்கிறது, திரையில் பணம் கேட்பவர் பெயர். எடுப்பதற்கு முன் ஒரே ஒரு மூச்சு. உடம்பில் எங்கே என்ன நடக்கிறது? எனக்கு மார்பின் நடுவில் ஓர் இறுக்கம், உள்ளங்கையில் வெப்பம். அந்த இறுக்கத்தைப் போக்கிக்கொள்ளத்தான் இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கிறேன். சப்ளையரை ஏமாற்ற வேண்டும் என்று எனக்கு எண்ணமே இருந்ததில்லை. அந்த இறுக்கம் உடனே போக வேண்டும் என்பதுதான் தேவையாக இருந்தது.

அதைப் போக்காமல் பார்த்துக்கொண்டே போனை எடுங்கள். பேசி முடிக்கும்போது அது மாறியிருக்கும், பல நேரம் கரைந்தே இருக்கும். நிலையாமை என்பது படிப்பதிலிருந்து பார்ப்பதாக மாறும் இடம் இதுதான்.

இந்தப் படியில் வரும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். “எல்லாம் நிலையில்லாததுதானே” என்று சொல்லி, கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்காமல் விடுவது. ராகுலருக்குச் சொன்ன அறிவுரையில், உடலாலும் சொல்லாலும் செய்த தவறை ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. மனத்தில் மட்டும் எழுந்த தவறான எண்ணத்துக்கு, அதைக் கண்டு வெட்கப்பட்டு விலகினால் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான் ஸ்பிரிங் பட்டறைக்கு நேரில் போனேன். அதுவரை சொன்ன பொய்களில் நினைவிருந்த ஆறைத் தேதியோடு சொன்னேன். அவர் கணக்கு நோட்டை எடுத்து, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே தாம் வாங்கிய கைமாற்றைக் காட்டினார். பிறகு டீ வரவழைத்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கூப்பிடுவதற்கு முன்பே சில வாரம் அவர் கூப்பிட்டுவிடுகிறார்: “இந்த வாரம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்.”